ஃபார்வேர்டு வந்த மருத்துவச் செய்தியை ஆங்கிலத்தில் எழுதித் தருவது எப்படி: 'இருமினால் பிழைக்கலாம்' செய்தியை வைத்து ஒரு முழு வழிகாட்டி

அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் தமிழில் ஒரு மருத்துவ ஃபார்வேர்டு வந்து விழும். தமிழ் படிக்கத் தெரியாத பக்கத்து ஃபிளாட்காரர் "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்பார். குடும்பக் குழுவாக இருந்தால், டொராண்டோவில் வளர்ந்த அக்கா மகள் கேட்பாள். இரண்டு மொழியும் தெரிந்தவர் உடனே ஆங்கிலத்தில் தட்டி அனுப்பிவிடுவார். மொழிபெயர்ப்பில் ஒரு பிழையும் இருக்காது. ஆனால் சரிபார்க்காத ஒரு வைத்தியம் புதிதாக ஒரு கூட்டத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது வரிசையில். முதலில் மொழிபெயர்க்கிறார்கள், அப்புறம் சரிபார்க்கிறார்கள், கடைசியில் "இது உண்மையா தெரியவில்லை" என்று அடியில் ஒரு வரி சேர்க்கிறார்கள். இந்த மூன்றையும் ஏறக்குறைய தலைகீழாகச் செய்ய வேண்டும். எப்படி, ஏன் என்பதைப் பலரும் பார்த்திருக்கக்கூடிய ஒரே ஒரு செய்தியை வைத்துக் காட்டுகிறேன்.

## 1. தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

யார் கேட்கிறார், எதற்காகக் கேட்கிறார். "குழுவில் எல்லோரும் எதைப் பற்றிப் பேசுகிறீர்கள்?" என்று மட்டும் கேட்பவருக்கு முழு மொழிபெயர்ப்பு தேவையே இல்லை. "நெஞ்சுவலி வந்தால் இருமச் சொல்லும் பழைய செய்தி, மருத்துவர்கள் இதை ஏற்கவில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். நோயாளி இதைப் படித்துவிட்டு என்ன செய்தார் என்று அறிய விரும்பும் மருத்துவருக்கும், செய்தியை ஆராய்பவருக்கும், அப்பா இதை நம்பிவிட்டாரே என்று கவலைப்படும் மகளுக்கும்தான் முழு வடிவம் வேண்டும். ஆகவே முதலில் கேளுங்கள்: "சுருக்கம் போதுமா, வரிக்கு வரி வேண்டுமா?"

அவர் எந்த ஊரில் இருக்கிறார். இது ஏழாவது படியில் தேவைப்படும். அவசர உதவி எண் ஊருக்கு ஊர் மாறும்.

உங்கள் எழுத்தில் ஃபார்வேர்டு அடையாளம் இருக்காது. தமிழில் வந்த செய்தியின் தலையில், அது பலமுறை கைமாறி வந்தது என்பதைக் காட்டும் இரட்டை அம்புக்குறி இருந்திருக்கும். ஐந்து கையோ அதற்கு மேலோ மாறி வந்த செய்திக்கு வாட்ஸ்அப் அந்தக் குறியைப் போடுகிறது. 2020 ஏப்ரலிலிருந்து அப்படிப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஒரே ஒரு உரையாடலுக்குத்தான் அனுப்பவும் முடியும். நீங்கள் ஆங்கிலத்தில் தட்டிய செய்திக்கு அந்தக் குறியும் கிடையாது, அந்தக் கட்டுப்பாடும் கிடையாது. யாரோ சொன்னது என்ற தடயம் அழிந்து, நீங்களே எழுதிய புதுச் செய்தியாக அது போய் நிற்கும். அந்தக் குறி செய்துகொண்டிருந்த வேலையை இனி உங்கள் வாக்கியங்கள் செய்ய வேண்டும். கீழே சொல்லும் படிகள் எல்லாம் இதற்காகத்தான்.

## 2. மூலத்தை அப்படியே எடுத்து வையுங்கள்

செய்தியை நகலெடுத்துக் கைப்பேசியின் குறிப்பேட்டில் ஒட்டுங்கள். எழுத்துப்பிழையைத் திருத்த வேண்டாம், கைகூப்பும் பொம்மைகளை நீக்க வேண்டாம். என்றைக்கு வந்தது, இரட்டை அம்பு இருந்ததா என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

நினைவிலிருந்து மொழிபெயர்த்தால் மனம் தானாகவே செய்தியை ஒழுங்குபடுத்திவிடும். முன்னுக்குப் பின் முரணான இடம், பெயரில்லாத மருத்துவர், தேதியில்லாத ஆய்வு எல்லாம் நழுவிப்போகும். சந்தேகப்படத் தூண்டும் தடயங்கள் பெரும்பாலும் அந்த அலங்கோலத்துக்குள்தான் இருக்கும்.

நாம் எடுத்துக்கொள்ளும் செய்தி பல வடிவங்களில் சுற்றுகிறது. அதன் எலும்புக்கூட்டை மட்டும் சுருக்கி, வரிக்கு எண் கொடுத்துத் தருகிறேன்:

> (1) இரவு மணி 7.25. வேலை முடிந்து தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு வீடு திரும்புகிறீர்கள்.
> (2) திடீரென நெஞ்சில் கடும் வலி. அது கைக்கும் தாடைக்கும் பரவுகிறது.
> (3) மருத்துவமனை 5 கி.மீ. தூரத்தில். அதுவரை தாங்குமா தெரியவில்லை.
> (4) மாரடைப்பு வந்தவருக்கு நினைவு தப்ப 10 விநாடிகளே உள்ளன.
> (5) பதற வேண்டாம். ஆழமாக மூச்சை இழுத்து, பலமாக இரும வேண்டும். உதவி வரும்வரை 2 விநாடிக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டும்.
> (6) இருமல் இதயத்தை அழுத்தி ரத்த ஓட்டத்தைக் காக்கும். இதனால் உயிர் பிழைக்கலாம்.
> (7) இதை 10 பேருக்கு அனுப்பினால் ஒரு உயிராவது காப்பாற்றப்படும் என்று இதய நிபுணர்கள் கூறுகின்றனர்.

## 3. ஒவ்வொரு வரியும் என்ன வேலை செய்கிறது என்று பிரியுங்கள்

இன்னும் ஆங்கிலத்துக்குப் போகவில்லை. எண் போட்ட வரிகளுக்கு எதிரே ஒரு சொல் எழுதுங்கள்: கதை, தகவல், கட்டளை, காரணம், சான்று, பரப்பச் சொல்வது.

(1), (3) வெறும் கதை. படிப்பவரைப் பயத்துக்குள் இழுத்து உட்காரவைப்பதுதான் அவற்றின் வேலை. (2), (4) தகவல் போலச் சொல்லப்பட்டவை. (5) கட்டளை. (6) காரணம் சொல்கிறது. (7) இரண்டு வேலை செய்கிறது: சான்றும் தருகிறது, பரப்பவும் சொல்கிறது.

இப்படிப் பிரிப்பதால் ஒரு விஷயம் தெளிவாகிவிடும். ஏழு வரியில் சரிபார்க்க வேண்டியவை நான்குதான்: 2, 4, 5, 6. புதியவர்கள் செய்தியை மொத்தமாக "உண்மையா, பொய்யா" என்று கேட்டுவிட்டுத் திணறுவார்கள். அந்தக் கேள்விக்கு நேர்ப்பதில் கிடையாது, ஏனென்றால் இந்த மாதிரிச் செய்திகளில் உண்மையும் பொய்யும் அடுத்தடுத்த வரியில் உட்கார்ந்திருக்கும். வரி வரியாகக் கேட்டால் பதில் கிடைக்கும்.

## 4. மொழிபெயர்க்கும் முன்பே சரிபாருங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள். தள்ளிப்போடக் கூடாததற்குக் காரணம் இருக்கிறது: நன்றாக ஓடும் ஆங்கில வாக்கியம் ஒன்றை எழுதி முடித்துவிட்டால், அதை உடைத்து நடுவில் சந்தேகத்தை நுழைக்க நமக்கே மனம் வராது. சந்தேகம் முன்பே கையில் இருந்தால் வாக்கியத்தை அதற்கேற்பக் கட்டலாம்.

தேடுவதை ஆங்கிலத்தில் தேடுங்கள். இத்தகைய தமிழ்ச் செய்திகள் பல, ஆங்கிலத்தில் உலவியவற்றின் மொழிபெயர்ப்புகளே. செய்தியின் வினோதமான துண்டை, அதாவது வேறெங்கும் வராத சொற்சேர்க்கையைத் தேடுபெட்டியில் இடுங்கள். முதல் வரியில் வருவது பொதுத் தேடல். அடுத்தது அமெரிக்க இதயச் சங்கத்தின் தளத்துக்குள் மட்டும் தேடுவது:

```
heart attack alone cough every two seconds
cough CPR site:heart.org
```

தேடினால் தெரியவருவது இதுதான். இந்தச் செய்தி 1999 வாக்கிலேயே ஆங்கிலத்தில் மின்னஞ்சலாகச் சுற்றத் தொடங்கியது. நம் கைக்கு வந்திருப்பது மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்பு. 'இருமல் சிபிஆர்' என்று அழைக்கப்படும் இந்த முறையைத் தனியாக இருப்பவர் மாரடைப்பின்போது செய்துகொள்ளும் முதலுதவியாக அமெரிக்க இதயச் சங்கம் ஏற்கவில்லை. பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷனும் இதற்கு மருத்துவச் சான்று இல்லை என்கிறது.

அதற்காக இது வெறும் கற்பனையும் அல்ல. இதய ரத்தக்குழாய்ப் பரிசோதனைக் கூடத்தில், மானிட்டர் மாட்டிய நோயாளிக்குத் திடீரென இதயத்துடிப்பு தாறுமாறானால், பக்கத்தில் நிற்கும் மருத்துவர் அவரை இருமச் சொல்வதுண்டு. அதனால் சில விநாடிகள் மூளைக்கு ரத்தம் போய்க்கொண்டிருக்கும், அதற்குள் சிகிச்சை தொடங்கிவிடலாம். 1976இல் மருத்துவ இதழ் ஒன்றில் இது பற்றிய கட்டுரையும் வந்திருக்கிறது. ஆக, மருத்துவர் சூழ்ந்திருக்கும் மேஜையில் நடந்த ஒன்றைத் தனியாக வண்டி ஓட்டுபவரின் கையில் கொடுத்திருக்கிறது இந்தச் செய்தி.

அடுத்தது (4). இதுதான் மொத்தச் செய்தியும் உடையும் இடம். மாரடைப்பு என்பது இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவது. அப்போது இதயம் பெரும்பாலும் துடித்துக்கொண்டுதான் இருக்கும், நோயாளி பேசுவார், நினைவோடு இருப்பார். இதயம் நின்றுபோவது வேறு. அதில்தான் சில விநாடிகளில் நினைவு தப்பும், நினைவு தப்பியவரால் இரும முடியாது. செய்தி இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிட்டது. இருமும் அளவுக்கு நினைவோடு இருப்பவருக்கு இருமல் தேவையில்லை, ஆம்புலன்ஸ்தான் தேவை.

(2) சரியானது. நெஞ்சுவலி கைக்கும் தாடைக்கும் பரவுவது மாரடைப்பின் அறியப்பட்ட அறிகுறி. இதைச் சரி என்று சொல்லாமல் விட்டால், செய்தி முழுவதும் பொய் என்று நினைத்து அந்த வலியையும் ஒருவர் அலட்சியம் செய்யக்கூடும்.

இப்போது ஒவ்வொரு வரிக்கும் மூன்றில் ஒரு முத்திரை போடுங்கள்: சரி, தவறு, சான்று கிடைக்கவில்லை. மூன்றாவதையும் இரண்டாவதையும் குழப்பக் கூடாது. ஏதோ ஒரு கஷாயம் பற்றிய செய்தி வந்து, தேடியும் ஒன்றும் கிடைக்காவிட்டால் அது 'தவறு' ஆகிவிடாது. "நான் தேடியவரை சான்று கிடைக்கவில்லை" என்று மட்டும்தான் எழுதலாம். எல்லாவற்றையும் 'ஃபேக்' என்று அடிக்கும் பழக்கம் வந்துவிட்டால், நிஜமாகவே ஆபத்தான ஒன்றை நீங்கள் சுட்டிக்காட்டும்போது யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

நம் செய்தியில்: (2) சரி. (4) தவறு. (5) தவறு, ஆபத்தும்கூட, ஏனென்றால் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டிய நேரத்தை அது தின்றுவிடும். (6) மருத்துவமனைக்குள் மட்டும் ஓரளவு பொருந்தும், வெளியே பொருந்தாது.

## 5. தமிழ் இலக்கணம் மறைத்துவைத்திருக்கும் உறுதியை அளந்துகொள்ளுங்கள்

இப்போதுதான் மொழிபெயர்ப்பு. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது ஒரு கூற்றின் உறுதி கூடிவிடும் இடங்கள் இத்தகைய செய்திகளில் நான்கு இருக்கின்றன.

'பிழைக்கலாம்'. தமிழில் '-லாம்' வாய்ப்பையும் காட்டும், அனுமதியையும் காட்டும், "முடியும்" என்ற திறனையும் காட்டும். புதியவர்கள் யோசிக்காமல் 'கேன்' போடுகிறார்கள். 'கேன் சர்வைவ்' என்றால் படிப்பவருக்கு அது நிரூபிக்கப்பட்ட வழி போலத் தெரியும். 'மே' போட்டாலும் போதாது, ஏனென்றால் "வாய்ப்பு இருக்கிறது" என்று நீங்களே ஒப்புக்கொள்வது போல ஆகிவிடும். எந்தத் துணைவினை போட்டாலும் வாக்கியத்தின் எழுவாயாகச் செய்தியை வைக்க வேண்டும். அதை அடுத்த படியில் காட்டுகிறேன்.

'கூறுகின்றனர்'. இங்கே யார் கூறுகிறார் என்பது இல்லை. ஆங்கிலத்தில் 'கார்டியாலஜிஸ்ட்ஸ் சே' என்று எழுதினால் யாரோ இருப்பது போன்ற தோற்றம் வந்துவிடும். 'அன்நேம்டு' என்ற சொல்லைச் சேருங்கள்: பெயர் சொல்லப்படாத இதய நிபுணர்கள். இது உங்கள் கருத்து இல்லை, மூலத்தில் உள்ள நிலையைத்தான் சொல்கிறீர்கள்.

'-ஆம்'. "குணமாகுமாம்", "கரைந்துவிடுமாம்" என்று வரும் செய்திகளில், எழுதியவரே கேள்விப்பட்டதைத்தான் சொல்கிறார். இந்த ஒற்றை விகுதியை விட்டுவிட்டால் கேள்விப்பட்டது கண்டதாகிவிடும். 'ரிப்போர்ட்டட்லி' அல்லது 'தே சே' போட்டாவது அதைக் காப்பாற்றுங்கள். நம் செய்தியில் இந்த விகுதி எங்குமே வரவில்லை. எழுதியவர் துளியும் தயங்கவில்லை என்பதற்கு அதுவும் ஒரு அடையாளம்.

'மாரடைப்பு'. (4)ஆம் வரியில் இந்தச் சொல்லுக்கு இரண்டு வழி உண்டு: 'ஹார்ட் அட்டாக்', 'கார்டியாக் அரெஸ்ட்'. "10 விநாடியில் நினைவு தப்பும்" என்பது இரண்டாவதற்குத்தான் பொருந்தும் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டதால், கை அதைத்தான் எழுதப் பார்க்கும். எழுதாதீர்கள். மூலம் மாரடைப்பு என்கிறது, நீங்களும் 'ஹார்ட் அட்டாக்' என்றே போடுங்கள். பிழையை மௌனமாகத் திருத்தினால், மூலத்தைவிட நம்பத்தகுந்த ஒரு பொய்ச் செய்தியை உருவாக்கியவர் நீங்களாகிவிடுவீர்கள். மருத்துவம் ஓரளவு தெரிந்தவர்கள்தான் இந்தத் தவறை அதிகம் செய்கிறார்கள். திருத்தம் வெளியே, உங்கள் குறிப்பில் வர வேண்டும்.

இதேபோல மூலத்தின் நடையையும் மெருகேற்ற வேண்டாம். ஆச்சரியக்குறிகளும் தடித்த எழுத்தும் நிறைந்த செய்தியை நிதானமான மருத்துவக் கட்டுரை நடையில் தந்தால், அதற்கு இல்லாத கௌரவத்தை நீங்கள் தருகிறீர்கள்.

## 6. சந்தேகத்தை வாக்கியத்துக்குள்ளேயே கட்டுங்கள்

அடிக்குறிப்பு ஏன் போதாது என்பதற்கு வாட்ஸ்அப் இயங்கும் விதமே காரணம். நீளமான செய்தியின் முதல் சில வரிகளை மட்டும் அது காட்டும், மீதியைத் தட்டித்தான் திறக்க வேண்டும். எச்சரிக்கையைத் தனிச் செய்தியாக அனுப்பினாலோ, அடுத்தவர் முதல் செய்தியை மட்டும் ஃபார்வேர்டு செய்வார். திரைப்பிடிப்பு எடுப்பவர் நடுவிலிருந்து வெட்டுவார்.

எனவே எங்கே வெட்டினாலும் சந்தேகம் ஒட்டிக்கொண்டே வரும்படி எழுத வேண்டும். ஒரே வழி: கட்டளையை, கட்டளையிடப்பட்டதைப் பற்றிய செய்தியாக மாற்றுவது.

(5)ஐ நேராக மொழிபெயர்த்தால் அது ஆங்கிலத்தில் ஏவல் வினையில் தொடங்கும்: இழு, இருமு, திரும்பச் செய். அந்த வரியைத் தனியே வெட்டினால் அது ஒரு முதலுதவிக் குறிப்பு. அதையே 'தி மெசேஜ் டெல்ஸ் பீப்பிள் டு' என்று தொடங்குங்கள். அதாவது, "ஒவ்வொரு 2 விநாடிக்கும் மூச்சை இழுத்துப் பலமாக இரும வேண்டும் என்று இந்தச் செய்தி மக்களுக்குச் சொல்கிறது, மருத்துவ அமைப்புகள் இதை ஏற்கவில்லை." இதை எங்கே வெட்டினாலும் முன்பாதியில் 'இந்தச் செய்தி சொல்கிறது' இருக்கும்.

'கிளெய்ம்ஸ்' என்ற வினை இதற்கு நன்றாக உதவும். ஆனால் ஏழு வரிக்கும் அதையே போட்டால் மூன்றாவது வரிக்குள் கண் அதைத் தாண்டிப் போய்விடும். சரிபார்த்து 'தவறு' என்று முத்திரையிட்ட வரிகளுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். கதை வரிகளுக்கு 'டிஸ்க்ரைப்ஸ்' போதும். 'சரி' என்ற வரிக்கு எந்தத் திரையும் வேண்டாம், நேராகவே எழுதலாம்.

மூலத்தில் தடித்திருந்த வரியை ஆங்கிலத்தில் தடிக்க வேண்டாம். தடித்த எழுத்து வேண்டுமென்றால் உங்கள் எச்சரிக்கைக்குப் பயன்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் சொல்லின் இரு பக்கமும் `*` குறி போட்டால் அது தடிக்கும். மூலத்தை நகலெடுக்கும்போது அந்தக் குறிகளும் கூடவே வரும், தேடி நீக்குங்கள்.

## 7. மேலே மூன்று வரிக் குறிப்பு வையுங்கள்

மொழிபெயர்ப்புக்கு முன்னால், அதே செய்திக்குள், மூன்று வரி. முதல் வரி: இது என்ன. இரண்டாவது: எது தவறு. மூன்றாவது: அதற்குப் பதில் என்ன செய்ய வேண்டும்.

மூன்றாவது வரி இல்லாமல் விடுவதை அடிக்கடி பார்க்கிறேன். "இருமாதீர்கள்" என்று மட்டும் சொன்னால் படிப்பவர் கையில் ஒன்றும் மிஞ்சாது. நெஞ்சுவலி வரும் நேரத்தில் அவர் நினைவுக்கு வருவது 'இருமல்' என்ற சொல்தான். அந்த இடத்தில் வேறு ஒரு செயலை வைத்தாக வேண்டும்: வண்டியை ஓரங்கட்டி நிறுத்து, ஓட்டுவதைத் தொடராதே, அவசர எண்ணை அழை.

அந்த எண் படிப்பவரின் ஊருக்கானதாக இருக்கட்டும். தமிழ்நாட்டில் 108, இந்தியா முழுவதும் 112. இலங்கையில் 1990. சிங்கப்பூரில் ஆம்புலன்ஸுக்கு 995, மலேசியாவிலும் பிரிட்டனிலும் 999, கனடாவிலும் அமெரிக்காவிலும் 911. பல நாட்டு உறவினர்கள் உள்ள குழு என்றால் "உங்கள் ஊர் ஆம்புலன்ஸ் எண்" என்று எழுதி, உங்களுக்குத் தெரிந்த எண்களை மட்டும் பக்கத்தில் தாருங்கள்.

இதற்கு மேல் போக வேண்டாம். எந்த மாத்திரையை மெல்ல வேண்டும், எந்த நிலையில் படுக்க வேண்டும் என்று உங்கள் சொந்த அறிவுரையைச் சேர்க்கத் தோன்றும். அது நோயாளிக்கு நோயாளி மாறும், அவசர எண்ணில் பேசுபவர் கேட்டுச் சொல்வார். மொழிபெயர்க்க வந்தவர் தரும் மருத்துவ அறிவுரையும் இன்னொரு ஃபார்வேர்டுதான்.

## 8. 'பத்துப் பேருக்கு அனுப்பு' வரியை எப்படிக் கையாள்வது

இந்த வரியை மொழிபெயர்க்கவும் கூடாது, மறைக்கவும் கூடாது. மறைத்தால் செய்தியின் முக்கியமான அடையாளத்தையே மறைத்ததாகும். படிப்பவர் இது சங்கிலிச் செய்தி என்று அறிந்துகொள்வது அந்த வரியால்தான். ஆகவே அதை விவரித்துவிடுங்கள்: "பெயர் சொல்லப்படாத இதய நிபுணர்களை மேற்கோள் காட்டி, 10 பேருக்கு அனுப்பச் சொல்லி முடிகிறது."

மூலத்தில் ஒரு மருத்துவமனையின் பெயரோ மருத்துவரின் பெயரோ கைப்பேசி எண்ணோ இருந்தால் கவனம். அவர்கள் அதைச் சொன்னார்கள் என்பதற்கு உங்களிடம் சான்று இல்லை. பொதுக் குழுவுக்கான மொழிபெயர்ப்பில் "ஒரு மருத்துவரின் பெயர் தரப்பட்டுள்ளது, சரிபார்க்கப்படவில்லை" என்று எழுதிப் பெயரை விட்டுவிடுங்கள். சரிபார்ப்பவரோ சிகிச்சை தரும் மருத்துவரோ கேட்டால் மூலத்தையே அனுப்பலாம்.

## 9. முழு வடிவம்

எல்லாப் படியும் முடிந்தபின் ஆங்கிலச் செய்தி எந்த வரிசையில் நிற்கும் என்பதைத் தமிழில் தருகிறேன். ஆங்கிலத்தில் எழுதும்போதும் இதே கட்டுமானம்தான்.

> *எச்சரிக்கை:* இது குழுவில் வந்த தமிழ் ஃபார்வேர்டின் மொழிபெயர்ப்பு. என் அறிவுரை அல்ல.
> இதில் சொல்லும் இருமல் முறையை அமெரிக்க இதயச் சங்கம் மாரடைப்புக்கான முதலுதவியாக ஏற்கவில்லை.
> நெஞ்சுவலி வந்தால் வண்டியை நிறுத்திவிட்டு 108 அல்லது 112ஐ அழையுங்கள்.
>
> செய்தி, இரவில் தனியாக வண்டி ஓட்டி வரும் ஒருவரை விவரிக்கிறது. அவருக்கு நெஞ்சில் வலி வந்து கைக்கும் தாடைக்கும் பரவுகிறது (இவை மாரடைப்பின் உண்மையான அறிகுறிகள்). மாரடைப்பு வந்தவருக்கு 10 விநாடியில் நினைவு தப்பும் என்று செய்தி கூறுகிறது (தவறு: இதயம் நின்றுபோவதை மாரடைப்போடு குழப்புகிறது). 2 விநாடிக்கு ஒருமுறை பலமாக இருமும்படி படிப்பவரிடம் சொல்கிறது. அது ரத்த ஓட்டத்தைக் காத்து உயிரைக் காப்பாற்றும் என்கிறது (மருத்துவமனைக்கு வெளியே இதற்குச் சான்று இல்லை). பெயர் சொல்லப்படாத நிபுணர்களை மேற்கோள் காட்டி, 10 பேருக்கு அனுப்பச் சொல்லி முடிகிறது.

அடைப்புக்குறிக்குள் இருப்பவை உங்கள் சொற்கள், வெளியே இருப்பவை செய்தியின் சொற்கள். இந்தப் பிரிவு கடைசிவரை குழம்பாமல் இருக்க வேண்டும். குழம்பினால், உங்கள் திருத்தத்தையும் செய்தியே சொன்னதாகப் படிப்பவர் எடுத்துக்கொள்வார். இருமலின் விவரத்தைச் சுருக்கியிருப்பதையும் கவனியுங்கள். ஆழமாக மூச்சை இழுப்பது, உதவி வரும்வரை நிறுத்தாமல் செய்வது போன்ற நுணுக்கங்கள் போய்விட்டன. செய்முறை குறையக் குறைய, யாரும் அதைப் பார்த்துச் செய்யும் வாய்ப்பும் குறையும். சிகிச்சை தரும் மருத்துவருக்கு எழுதும்போது மட்டும் இதை மாற்றுங்கள். நோயாளி சரியாக என்ன செய்தார், எவ்வளவு நேரம் செய்தார் என்பது அவருக்கு வேண்டும்.

## 10. அனுப்பும் முன் வெட்டிப் பாருங்கள்

செய்தியிலிருந்து ஏதாவது ஒரு வாக்கியத்தை மட்டும் நகலெடுத்து வெற்றுப் பக்கத்தில் ஒட்டுங்கள். அது மட்டும் உங்கள் பெயரில் வேறு குழுவுக்குப் போனால் யாராவது அதைப் பார்த்து இருமுவார்களா? ஆம் என்றால் அந்த வாக்கியத்தைத் திரும்பக் கட்டுங்கள். பெரும்பாலும் பிழை ஒரே மாதிரி இருக்கும்: முதல் வாக்கியம் 'செய்தி கூறுகிறது' என்று தொடங்கியிருக்கும், இரண்டாவது வாக்கியம் அந்தப் பிடியை விட்டுவிட்டு நேர்க்கூற்றாக ஓடியிருக்கும்.

முடிந்தால் தமிழ் தெரியாத ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்து, "நெஞ்சுவலி வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். "ஆம்புலன்ஸைக் கூப்பிடுவேன்" என்று வந்தால் சரி. "இருமிப் பார்ப்பேன், அப்புறம்…" என்று தொடங்கினால் மேல் குறிப்பு இன்னும் மேலே ஏற வேண்டும், அல்லது இன்னும் சுருங்க வேண்டும்.

## 11. தமிழில் அனுப்பியவரிடமும் சொல்லுங்கள்

ஆங்கிலத்தில் மட்டும் எச்சரிக்கை போனால் தமிழ் வாசிப்பவர்கள் எச்சரிக்கை இல்லாமல் இருப்பார்கள். மூலச் செய்தி இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது.

அனுப்பியவர் பெரும்பாலும் வீட்டுப் பெரியவராக இருப்பார், நல்லெண்ணத்தில்தான் அனுப்பியிருப்பார். எல்லோர் முன்னாலும் திருத்தினால் அவர் முகம் சுண்டிப்போகும், அடுத்த முறை நீங்கள் இல்லாத குழுவில் அனுப்புவார். தனியாக எழுதுங்கள். ஒரு மாதிரி:

> பெரியப்பா, நீங்கள் அனுப்பிய நெஞ்சுவலிச் செய்தியைப் பார்த்தேன். வலி கைக்கும் தாடைக்கும் பரவும் என்று அதில் இருப்பது சரிதான். இருமச் சொல்வதை மட்டும் டாக்டர்கள் ஒத்துக்கொள்வதில்லை, ஆம்புலன்ஸைக் கூப்பிடும் நேரம் வீணாகிவிடும் என்பதால். வலி வந்தால் உடனே 108ஐக் கூப்பிட வேண்டும் என்று குழுவில் நீங்களே ஒரு வரி போட்டுவிடுகிறீர்களா? நீங்கள் சொன்னால் எல்லோரும் கேட்பார்கள்.

சரியான பகுதியை முதலில் ஒப்புக்கொண்டதால் பெரியப்பா தற்காப்புக்குப் போக மாட்டார். திருத்தத்தை அவர் கையாலேயே போடச் சொன்னால், செய்தியை அவர் சொல்லி நம்பியவர்கள் திருத்தத்தையும் அவர் சொல்லியே படிப்பார்கள். அவர் இரண்டு நாள் பதில் தராவிட்டால், "பெரியப்பா அனுப்பியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள்" என்று தொடங்கி, மேலே எழுதிய மூன்று வரிக் குறிப்பைத் தமிழில் நீங்களே குழுவில் போடலாம். அதை மூலச் செய்திக்கான பதிலாகவே இணைத்துப் போடுங்கள். மேலே ஏறிப் படிப்பவருக்கு எந்தச் செய்தியைப் பற்றியது என்று தேட வேண்டியிருக்காது.